எட்டுத் தட்டு, ஏழு சொல்லு

வா அப்பு, திண்ணையில ஏறி உக்காரு. முளைப்பாரிக்குக் கும்மிப் பாட்டு எழுதிட்டு வந்திருக்கியாம்ல? ஊருக்குள்ள அதுதான் பேச்சு. ப்ளெக்ஸ் அடிக்கக் குடுத்தாச்சு. பொம்பளைகளுக்கெல்லாம் ஒரே கலர்ல சேலை எடுத்தாச்சு. மேல பறக்குற கேமரா மதுரையிலருந்து வருதாம். எல்லாம் வருது, சரி. பாட்டு வருதா? எங்க, வாசி.

"பாரம்பரியப் பண்பாட்டுப் பெருமைகளைப் பாரெங்கும் பறைசாற்றிடுவோம் வாரீர் தோழியரே."

அடேயப்பா! மேடையில பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கு. இப்ப இதுக்குக் கையத் தட்டு பாப்பம். என்ன முழிக்கிற? 'பாரம்பரிய'ங்குறதுல தட்டு எங்க விழும்? 'பா'வுலயா, 'ப'வுலயா? நீ முடிவு பண்றதுக்குள்ள செல்லாயி கெழவி அரைச்சுத்து சுத்தி வந்துருவா. கும்மிப் பாட்டு வாயிலருந்து பொறக்குறதில்ல அப்பு, கையிலருந்து பொறக்குது. மொதல்ல தட்டு, பெறகு சொல்லு.

கணக்கு ஒண்ணும் பெரிசில்ல. ஒரு வரிக்கு எட்டுத் தட்டு, ஏழு சொல்லு. அங்க மிஞ்சுற ஒரு தட்டு எதுக்குங்குற? மூச்சு வாங்கத்தான். ஏழாவது சொல்லோட வாலை அந்த எட்டாவது தட்டு வரைக்கும் இழுத்து விடணும். அந்த எடத்துலதான் பொம்பளைக நிமிர்றாக, நெஞ்சு நெறைய காத்து வாங்குறாக. உன் வரியில அதுக்கு எடமே இல்ல. பாடுனவ நாலு வரியில முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு ஓரமா உக்காந்துருவா.

சரி, எதப் பத்திப் பாடுறதுன்னு கேக்குற. கண்ணு முன்னால என்ன இருக்கு? வட்டத்துக்கு நடுவுல முளைப்பாரிச் சட்டி இருக்குல்ல? அதப் பாடு. பண்பாட்டை ஆரு கண்டா? சட்டியத்தான் எல்லாரும் கண்டிருக்காக. அடியில ஓட்டை போட்ட சட்டி, அதுல வைக்கோலு, மண்ணு, தூளாக்குன சாணம். ராத்திரி ஊறப்போட்ட மொச்சை, தட்டப்பயறு, பாசிப்பயறு எல்லாம் மேல தூவி, வெயிலு எட்டாத இருட்டு வீட்டுக்குள்ள வச்சு, தண்ணி தெளிப்பாக. வெளிச்சம் படாததால முளை பச்ச பிடிக்காம வெளிறிப்போயி மஞ்சளா, நெடுநெடுன்னு ஒசந்து வரும். இத ஒரு வாட்டியாவது கிட்ட நின்னு பாத்திருக்கியா? இல்ல, போட்டோவுலதானா?

இத வச்சே ஒண்ணு கட்டுவம். கையத் தட்டிக்கிட்டே கேளு.

சட்டியில் மண்ணை நெரப்பிடடி — நல்ல
சாணத்தைத் தூளாக்கித் தூவிடடி
கொட்டிய வித்தைப் பரப்பிடடி — வெயில்
கூரைக்குள் எட்டாம வச்சிடடி

எண்ணு இப்ப. சட்டியில், மண்ணை, நெரப்பிடடி, நல்ல: நாலு. சாணத்தை, தூளாக்கி, தூவிடடி: மூணு. ஆக ஏழு. ஆனா தட்டு சொல்லுக்குச் சொல்லு விழாது, அதுலதான் படிச்சவன் மாட்டிக்கிறான். தட்டுற எடத்துல வரிய வெட்டிக் காட்டுறேன் பாரு.

சட்டியில் / மண்ணைநெ / ரப்பிட / டிநல்ல /
சாணத்தைத் / தூளாக்கித் / தூவிட / டீ...

ஒவ்வொரு வெட்டுக்கும் மொத எழுத்துல கை சேரணும். 'நெரப்பிடடி'ங்குற சொல்லு மூணு தட்டுல கிழிபடுது பாத்தியா? கிழிபட்டாலும் காதுக்கு வலிக்கல. ஏன்னு கேளு. வெட்டுக்கு வெட்டு எடை ஒண்ணா இருக்கு. உன் 'பறைசாற்றிடுவோம்' ஒத்த ஆளா ரெண்டு வெட்டு எடத்த அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பஸ்ஸுல அப்பிடி உக்காந்தா கண்டக்டர் சும்மா விடுவாரா?

இன்னொண்ணு கவனி. மொதத் தட்டுல 'ச', அஞ்சாந் தட்டுல 'சா'. அடுத்த வரியில 'கொ', அஞ்சாவதுல 'கூ'. அழகுக்குன்னு நெனச்சியா? அதுவும் உண்டு. ஆனா பாதி வழியில பாட்டு மறந்துபோன பொம்பளைக்கு அதுதான் கைப்பிடி. 'ச'ன்னு ஆரம்பிச்சா அடுத்தது 'சா'வுலதான் வரும்னு வாய் தன்னால தேடும். 'சட்டி'க்குக் கீழ 'கொட்டி' வச்சதும் அதுக்குத்தான். ஏடு தூக்கிக்கிட்டா கும்மியடிக்க முடியும்? ரெண்டு கையும் வேலையில இருக்கே! நீ என்னமோ பாட்டை செல்லுக்கு அனுப்பி வச்சிருக்கியாம், பாத்துப் பாடச் சொல்லி. எந்தக் கையில பிடிச்சுப் பாப்பா, மூணாவது கையிலயா?

அதுக்கும் ஒரு பாட்டு வச்சிருக்கேன், எடுத்துக்க.

செல்போனைக் கொஞ்சம் எறக்கிவைடி — இனி
சேலையத் தூக்கிச் சொருகிக்கடி
சொல்லுக்குச் சொல்லு தவறினாலும் — கரம்
சோராமத் தட்டிட வேணுமடி

சிரிக்கிற. சிரி, சிரி. கும்மியில எதயும் ஏத்தலாம் அப்பு. 1876-ல தாது வருசப் பஞ்சம் வந்துச்சே, சோறு இல்லாம சனம் செத்துச்சே, அதயும் கும்மியாக் கட்டி வச்சிருக்காக. புலவர் செ. இராசு அந்த மாதிரிப் பாட்டுகளத் தேடிப் பிடிச்சுப் 'பஞ்சக் கும்மிகள்'னு புத்தகமாவே போட்டாரு. பாரதியாரு பொம்பளைக விடுதலையக் கும்மியில வச்சாரு. பெரிய விசயம் பாடக் கூடாதுன்னு ஆரு சொன்னா? தட்டுக்குள்ள அடக்கிப் பாடுன்னுதான் சொல்றேன்.

பாட்டு ஆச்சு. இனி ஆடுறத எடுத்துக்க. வட்டத்துல ஒருத்தி எடுத்துக் குடுப்பா, மத்தவுக வாங்கிப் பாடுவாக. எடுத்துக் குடுக்குறவளுக்குத் தேன் கொரலு வேணும்னு நீ ஒரு காலேஜ் புள்ளையப் பிடிச்சிருக்க. எனக்கு அதுல சந்தேகந்தான். கொரலு கரகரன்னு இருந்தாலும் சரி, கை மாறாதவளா இருக்கணும். முக்கியமா, மொத வரிய தணிவா எடுக்கணும். ஒசக்க எடுத்துட்டா நாலாவது பாட்டுல மத்தவுகளுக்குத் தொண்டை எட்டாது. ஓட்டமும் அப்பிடித்தான். மெதுவா ஆரம்பி, அது தானா ஏறும். ஏறாத கும்மிய நான் பாத்ததே இல்ல. எறக்குறதுதான் கஷ்டம். அதுக்குத்தான் நடுவுல குலவை. நாலஞ்சு பாட்டுக்கு ஒருக்கா எல்லாருமாக் குலவை போட்டு நிறுத்திட்டா, மறுபடி 'தன்னானே தானானே'ன்னு வெறும் தட்டு போட்டு, பழைய ஓட்டத்துக்கு வந்துரலாம். அந்தத் தன்னானேய அர்த்தமில்லாததுன்னு நீ வெட்டிட்டியாமே? அர்த்தம் வாய்க்கு இல்ல, கைக்கு இருக்கு. திரும்ப ஒட்டு.

கைய எப்படி வைக்கணும்னும் சொல்லிர்றேன். அடுப்படியில கொசு அடிக்கிறாப்ல வெறப்பாத் தட்டுனா கால் மணி நேரத்துல உள்ளங்கை செவந்துரும். லேசாக் குழிச்சுத் தட்டணும். சத்தம் கனமா வரும், வலிக்காது. குனிஞ்சு வட்டத்துக்குள்ள ஒரு தட்டு, நிமிந்து வெளிய ஒரு தட்டு, காலு ஒரு எட்டு பக்கவாட்டுல. பட்டுச் சேலை கட்டிவிட்டா குனியும்போது வழுக்கும். நூல் சேலை எடுத்திருக்கலாம்ல? ஆரு கேட்டா கெழவன!

கெட்டுப்போச்சுன்னு எப்பிடித் தெரியும்? கண்ண மூடிக்கிட்டுக் கேளு. நல்ல கும்மியில இருவது பேரு தட்டுனாலும் சத்தம் ஒண்ணு. அது ரெண்டா ஒடஞ்சு 'சடச்சட'ன்னு வந்துச்சுன்னா வட்டம் பெரிசாயிருச்சுன்னு அர்த்தம். அந்தப் பக்கத்தாளுக்கு இந்தப் பக்கத்துத் தட்டு காதுல சரியா விழல. என்ன செய்யணும்? ஆள வெரட்டாத. உள்ள ஒரு சின்ன வட்டம் போடு, புள்ளைகள அதுல விடு. ரெண்டு வட்டமும் ஒரே தட்டுல சுத்தும். நீ என்னடான்னா கேமராவுக்குப் பெரிசாத் தெரியணும்னு அம்பது பேர ஒரே வட்டத்துல விரிச்சு நிறுத்தப் போறியாம்.

அதோட கூம்பு ஸ்பீக்கரு வேற! கண்மாய்க் கரைப் புளியமரத்துல கட்டப் போறீகளாம்ல? இங்கருந்து அது நூறு மீட்டரு இருக்கும். சத்தம் ஒரு நொடிக்குச் சுமாரா 340 மீட்டருதான் போகும்னு பள்ளிக்கொடத்துல படிச்சிருப்ப. அப்ப மைக்குல பாடுனது மரத்துலருந்து திரும்பி வந்து சேர என்னாகும்? நொடியில மூணுல ஒரு பங்கு தாமசமாகும். கிட்டத்தட்ட அரைத் தட்டு. பாதிப் பேரு மரத்தக் கேட்டுத் தட்டுவாக, பாதிப் பேரு பக்கத்தாளக் கேட்டுத் தட்டுவாக. அப்பறம் கும்மி கெட்டுச்சு, இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்குத் தெரியலன்னு நீயே மேடையில வருத்தப்படுவ. மைக்கு வேணும்னா பேச்சாளருக்குக் குடு. அவருக்கு ஆரு தட்டப் போறா?

ஒத்திகைன்னு வாரக் கடைசியில மட்டும் வரச் சொல்லியிருக்கியாம். வித்துப் போட்ட நாள்லருந்து ராத்திரி ராத்திரி முளைப்பாரி வீட்டு வாசல்ல எதுக்குக் கும்மியடிச்சாகன்னு நெனக்கிற? சாமிக்குந்தான், சரி. ஆனா ஏழோ ஒம்பதோ ராத்திரி அடிச்சா எந்த மந்தபுத்திக்கும் பாட்டு மனப்பாடமாயிரும். கடைசி நாளு முளைக்கொட்டுத் திண்ணைக்குச் சட்டியக் கொண்டாந்து எறக்கி அடிக்கும்போது, புதுசாக் கல்யாணமாகி வந்த மருமகளும் கை மாறாம அடிப்பா. மறுநாளு முளைப்பாரியக் கொண்டுபோயி ஊருணியில கரைச்சுருவாக. உனக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமை போதுமா?

இன்னும் என்ன, எதோ கேக்கணும்ங்குற மாதிரி நிக்கிற. நோட்டீசுல 'பாடலாக்கம்'னு உன் பேரு போடணுமா? போட்டுக்க, எனக்கென்ன. ஆனா ஒண்ணு: ரெண்டாவது ராத்திரியே செல்லாயி 'கூரைக்குள்'ங்குறத மாத்திப் பாடுவா. மூணாவது ராத்திரி அவ கொழுந்தியா வீட்டு வம்பு ஒண்ணு உள்ள நுழையும், உங்க சித்தப்பன் பேரும் அதுல வரலாம். அப்பப் போயி, நான் எழுதுனது இப்பிடி இல்லன்னு நோட்டத் தூக்கிக் காட்டாத. ஒன்னயவே வச்சு அடுத்த வரி கட்டிருவாக. அதுல தட்டு தப்பவே தப்பாது.