யாருடைய வரவு?

புத்தாண்டுத் தீர்மானத்தோடு ஜிம்மில் ஓராண்டுச் சந்தா கட்டினால் லாபம்தானா?

வரவு பெருகும் என்பது உறுதி, வருபவருக்கா, ஜிம்முக்கா? டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்னும் பொருளியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்க ஜிம்களில் மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியோர் மாதத்துக்குச் சுமார் 4 முறையே வந்தமையால், ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவிட்டனர். அங்கேயே 10 முறை நுழைவதற்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலரே ஆகியிருக்கும்.

தீர்மானத்தை மதிக்கும் ஜிம், ‘முன்பு, பின்பு’ படங்களை மாட்டி உடலைக் கூசவைக்காமலும், 30 நாளில் உருமாற்றம் என்று ஆசைகாட்டாமலும், முதலில் 10 வருகைச் சீட்டை விற்று, பின்னர் விரும்பிச் சேர்பவருக்கு அத்தொகையைச் சந்தாவில் கழித்துக்கொடுக்கும்; எடைக்கருவியில் ஏறுவதை அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிடும்.