நாலரை அடிச் சாய்தளத்துக்கு நன்றி

கிளை நூலகங்களைக் கவனிக்கும் பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

ஒரகடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, மூட்டுவலிக்காரன் ஒருவனின் வணக்கம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் நூலகருக்குத்தான் மெமோ வரும். பாவம், அவரே பெருக்கி, அவரே பூட்டுகிறவர்.

முதலில் நன்றி. எங்கள் நூலகத்துக்கு முதியோர் வசதியாகச் சாய்தளம் கட்டிக்கொடுத்தீர்கள். வாசலில் மூன்று படி, படிக்கு ஆறு அங்குலம், ஆக ஒன்றரை அடி உயரம். ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது அரசின் விதி. அந்தக் கணக்குப்படி பதினெட்டடி வரவேண்டும். உங்கள் ஒப்பந்ததாரர் நாலரை அடியில் முடித்துவிட்டார். சக்கர நாற்காலியைத் தள்ளினால் ஏறாது, விட்டால் நிற்காது. கைப்பிடியும் இல்லை. ஆனால் நூலகத்துக்கு வரும் பைக்குகள் அழகாக ஏறுகின்றன. முன்னால் இடமில்லை என்பீர்கள். பக்கச் சுவரோரம் ஒன்பதடி போய், நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திரும்பி, இன்னொரு ஒன்பதடி ஏறலாம். அங்கே இப்போது கால் உடைந்த பீரோக்கள் ஓய்வெடுக்கின்றன. முதியோருக்கென்று ஒதுக்கிய இடம் என்றே நினைத்துக்கொள்கிறோம்.

நேரத்தைப் பற்றி. காலை திறக்கும்போது பேரனைப் பள்ளியில் விட்டுக்கொண்டிருப்பேன். மதியம் பூட்டு. வெயிலுக்கு ஒதுங்க நிழல் தேவைப்படுவது அப்போதுதான். மாலை மறுபடி திறக்கும்போது, வண்டலூர்–வாலாஜாபாத் ஆறுவழிச் சாலையை நான் கடக்க வேண்டும். கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். பாதி கடந்து நடுத்திட்டில் நிற்பேன். அங்கேயே ஒரு நாளிதழ் போட்டுவைத்தால் வாசகர் எண்ணிக்கை கூடும். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று 1931-லேயே விதி எழுதிய ரங்கநாதன், சீர்காழிக்காரர். ஒரகடத்தில் சாலை கடந்து பார்த்தவர் இல்லை.

காசில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1948-இல் சென்னை மாகாணம் போட்ட நூலகச் சட்டம் இருக்கிறதே, அதன்படி வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. என் வீட்டு வரி 600 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 60. வசூலிப்பது ஊராட்சி, செலவழிப்பது நூலக ஆணைக்குழு. கையிலிருந்து கைக்குப் பணம் எப்போது போகிறது என்பது ரசீதில் இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் கம்பெனிக் கட்டடங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவற்றின் சொத்து வரியோடு சேர்ந்து நூலக வரி எவ்வளவு வந்தது என்று வாசல் பலகையில் ஒரு வரி எழுதிப்போடுங்கள். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். உள்ளே ஒரு டியூப்லைட்தான் எரிகிறது. கண்ணாடி போட்டும் என்னால் படிக்க முடிந்தது தலைப்புச் செய்தி வரைக்கும்தான்.

அடுத்த ஆய்வுக்கு வரும்போது அளவு டேப் கொண்டுவாருங்கள். எங்களிடம் இருப்பது தையல்காரரின் ஐந்தடி டேப். இப்போதைய சாய்தளத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்படிக்கு,
நடுத்திட்டில் நிற்கும் வாசகன்