மில்லுக்குப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, ராஜபாளையத்துல நூல் மில்லுக்கு இன்டர்ன்ஷிப் போறேன்னு உங்க அம்மா மகாராஜபுரம் பூராவும் சொல்லி முடிச்சுட்டா. இன்னும் தாணிப்பாறைக்குப் போற பக்தர்களுக்கு மட்டுந்தான் சேதி போகல. இஸ்திரி போட்ட சட்டை, புது ஷூ, முதுகுல பை. பாத்தா மில்லையே வெலைக்கு வாங்கப் போற மாதிரி இருக்க. 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை ஆரம்பிச்ச காலத்துல இருந்து அந்த ஊரு நூலு நூத்துக்கிட்டு இருக்கு. நீ போய்த்தான் சொல்லிக் குடுக்கணும்னு யாரும் காத்துக்கிட்டு இல்ல. ஸ்பின்னிங்ல காது போன கெழவன் நான் ஒண்ணு ரெண்டு சொல்றேன். கேட்டா கேளு, இல்லன்னா அந்த போனையே பாத்துக்கிட்டு இரு.

மொத நாளு உள்ள நொழஞ்சதும் சத்தத்துல உன் காது அடைக்கும். அந்தச் சத்தத்துல ஒருத்தர் "டிராவலர் மாத்தணும்"பாரு, நீ ஏதோ டூர் போற கம்பெனின்னு நெனச்சுத் தலையாட்டுவ. தலையாட்டறதுதான் உங்க காலேஜுல அஞ்சு செமஸ்டரா நடத்துன பாடம்னு எனக்குத் தெரியும். மில்லுல அது ஆகாது. புரியாம தலையாட்டுனா அடுத்த தடவ அவரு உனக்குத் தெரியும்னு நெனச்சு இன்னும் ஒரு படி மேல பேசுவாரு. ஒரு வாரத்துல நீ எதையுமே கேக்க முடியாத நெலமைக்குப் போயிருவ.

அதுக்காக வாயத் தொறந்ததும் "ஏன் சார்"னு கேட்டுராத. நூலு ஏன் அறுக்குது, பஞ்சு ஏன் பறக்குது, கௌண்ட் ஏன் மாறுதுன்னு கேட்டா, "மெஷின் அப்படித்தாம்ப்பா"ன்னு ஒரு பதிலு வரும். அவரு மேல தப்பு இல்ல. நீ கேட்டதுக்கு முழுசா பதிலு சொல்லணும்னா அவரு அன்னிக்கு ஷிப்ட்டையே விடணும்.

ஒரு கேள்வியில நாலு சங்கதி இருக்கணும். எங்க பாத்தேன், என்ன பாத்தேன், நான் என்ன நெனைக்கேன், எனக்கு எது மட்டும் தெரியணும். சும்மா சொன்னா உன் மண்டையில ஏறாது, கணக்கோட சொல்றேன்.

உன்னை மொதல்ல கியூசி லேப்புலதான் விடுவாக. அங்கதான் புது ஆளால சேதாரம் கம்மி. ஸ்பின்னிங் ஃபிரேம்ல இருந்து பாபின் எடுத்து வந்து, ராப்பிங் ரீல்ல 120 கெஜம் சுத்தி, தராசுல போடுவாக. அந்த 120 கெஜத்துக்கு லீன்னு பேரு. 40-ம் நம்பர் நூலுன்னா ஒரு லீ 1.62 கிராம் இருக்கணும். 64.8-ஐ அந்த எடையால வகுத்தா கௌண்ட் வந்துரும். நம்பர் கூடக்கூட நூலு மெலிசுன்னு அர்த்தம். இதைத் தலைகீழா நெனச்சுக்கிட்டுப் பேசுற புதுப் பையன் வருசா வருசம் ஒருத்தன் வருவான். இந்த வருசம் அது நீயா இருக்காத.

இப்போ பத்து பாபின் எடுத்தாக. ஒம்பது 1.62-ஐ ஒட்டிக் கொஞ்சம் முன்னபின்ன இருக்கு. ஒண்ணு மட்டும் 1.42. வகுத்துப் பாரு, 45.6 வரும். 40 கேட்டவனுக்கு 45 நூலு போனா துணியில கோடு விழும், பார்ட்டி வண்டியத் திருப்பி அனுப்புவான்.

"ஏன்ணே இப்படி?"ன்னு கேட்டா என்ன பதிலு வரும்னு சொல்லிட்டேன். இப்படிக் கேளு: "அண்ணாச்சி, ஏழாம் நம்பர் ஃபிரேம்ல பத்து பாபின்ல ஒண்ணு மட்டும் 1.42 வந்திருக்கு. டிராஃப்ட் வீல்ல கோளாறுன்னா பத்தும் மாறியிருக்கணும், மாறல. அதனால அந்த ஸ்பிண்டில்ல ஏதோ இருக்கணும், இல்ல மேல தொங்குற ரோவிங் மெலிசா வந்திருக்கணும்னு நெனைக்கேன். ரோவிங்கை நிறுத்துப் பாத்தா எதுன்னு தெரிஞ்சுருமா?" இதுக்கு அவரு ஆமான்னு சொல்லலாம், இல்லன்னு சொல்லலாம். எதைச் சொன்னாலும் உனக்கு லாபம். நீ நெனச்சது தப்புன்னா எங்க தப்புன்னு அவருக்கே கை காட்டத் தோணும். தப்பா நெனச்ச பையனைத் திருத்துறதுல வயசான ஆளுகளுக்கு ஒரு தனி ருசி உண்டு. நான் இப்ப பண்ணிக்கிட்டு இருக்கறதும் அதுதான்.

ரோவிங்கை எடுத்து நிறுக்காகன்னு வையி. 1 ஹாங்க் ரோவிங்னா 15 கெஜம் 8.1 கிராம் இருக்கணும். அது சரியா இருந்தா கோளாறு அந்த எடத்துலயேதான்: ரோவிங் தொங்குற ஹோல்டர் சுத்தாம எறுகிப் போயிருந்தா, ரோவிங் இழுபட்டு மெலிஞ்சுரும். 7.1 கிராம் வந்துச்சுன்னா ஸ்பிண்டில் மேல பழி போடாத, பின்னாடி நட. சிம்ப்ளக்ஸையும் தாண்டி கடைசி டிராயிங்குக்குப் போ. அங்க எட்டு ஸ்லைவரை ஒண்ணாச் சேத்து ஒரு ஸ்லைவரா இழுக்காக. எட்டுல ஒண்ணு அறுந்து போயி, அதைப் பாத்து மெஷினை நிறுத்த வேண்டிய ஸ்டாப் மோஷன் தூங்கிருச்சுன்னா, ஏழு ஸ்லைவரோட கேன் நெறஞ்சுரும். எட்டுல ஒரு பங்கு கொறஞ்சா 1.62 எவ்வளவு ஆகும்? போட்டுப் பாரு. சரியா அந்த 1.42.

இந்த எட்டுக்கு ஏழு கணக்கை நீயாப் போட்டுக் காட்டுன அன்னிக்கு, ஃபிட்டர் உன்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுவாரு. அதுவரைக்கும் நீ "ஏய் டிரெய்னி"தான். ஆனா ரொம்பத் துள்ளாத. கடைசி டிராயிங்ல ஆட்டோலெவலர் இருக்குற மில்லுல அந்த மெலிவை அதுவே சரிக்கட்டிரும். அங்க போயி இந்தக் கதைய அளந்தா சிரிப்பாக. அதனால மொத வாரத்துலயே கேக்க வேண்டிய கேள்வி, இங்க ஆட்டோலெவலர் எந்த டிராயிங்ல இருக்குங்கறது.

இன்னொரு சூது இருக்கு. பாபினை எடுக்கும்போதே எந்த ஃபிரேம், எத்தனாவது ஸ்பிண்டில்னு அதுல எழுதி வைக்கணும். எழுதாமப் பத்தையும் கூடையில போட்டுக் கொண்டாந்தா, 1.42 எங்க இருந்து வந்துச்சுன்னு அந்த சதுரகிரி மகாலிங்கம் வந்தாலும் சொல்ல மாட்டாரு. எழுதுனாலும் ஆற அமரப் போகாத. அந்த ரோவிங் தீந்து வேற மாட்டிட்டாகன்னா சாட்சியும் போச்சு.

யார்கிட்ட, எப்பன்னு ஒரு கணக்கு இருக்கு. டாஃப் எடுக்குற நேரத்துல ஸ்பின்னிங் பக்கம் வாயத் தொறக்காத. ஃபிரேம் நிக்கிற ஒவ்வொரு நிமிசமும் அவுகளுக்குக் கணக்கு. ஷிப்ட் மாறுற நேரமும் ஆகாது. டாஃப் முடிஞ்சு, அறுந்த இழைக்கெல்லாம் பீசிங் போட்டு, ஃபிரேம் சீரா ஓடுனதுக்கப்புறம் சைடர் அக்கா ஒரு மூச்சு விடுவாக பாரு, அப்ப கேளு. நூலு அறுக்கறதைப் பத்தி அவுககிட்ட கேளு, நம்பரைப் பத்தி லேப்புல கேளு, வீலு ரோலரைப் பத்தி ஃபிட்டர்கிட்ட கேளு. எல்லாத்தையும் மேனேஜர்கிட்டயே போய்க் கேட்டா பெரிய ஆளுன்னு நெனப்பாகன்னு நெனைக்காத. அவரு பதிலு சொல்லுவாரு, மத்தவுக சொல்ல மாட்டாக. அம்புட்டுதான் வித்தியாசம்.

நோட்டு விசயத்துக்கு வாரேன். உன் போனு கேட்டுலயே தங்கிரும், அதனால பேன்ட் பையில அடங்குற சின்ன நோட்டு ஒண்ணு வச்சுக்கோ. சட்டைப் பையில வேண்டாம். குனிஞ்சா ஓடுற மெஷினுக்குள்ள விழும், அதைப் புடிக்க நீ கைய விடுவ. உள்ள நின்னுக்கிட்டு கதை எழுதாத. காதுல விழுந்த வார்த்தைய, விழுந்தபடியே, ஒத்தை வரியில கிறுக்கு. எழுத்து தப்பா இருந்தாப் பரவாயில்ல. ராத்திரி சோறு திங்கறதுக்கு முன்னாடி அதை முழுசா எழுது. சோறு தின்னுட்டு எழுதுறேன்னு சொன்னவன் எழுதுனதா நான் கேள்விப்பட்டதே இல்ல.

எப்படி எழுதணும்னா, இன்னிக்கு லீன்னு கேட்டேல்ல, அதை இப்படி எழுது: "லீ. 120 கெஜம். ராப்பிங் ரீல்ல சுத்துறது. 40-க்கு 1.62 கிராம். லேப் அக்கா சொன்னது. புரியாதது: 64.8 எங்க இருந்து வந்துச்சு?" அந்தக் கடைசி வரிதான் மறுநாளு நீ கேக்க வேண்டிய கேள்வி. மறுநாளு லேப்புல கேட்டா சொல்லுவாக: ஒரு பவுண்டு நூலுல எத்தனை 840 கெஜம் இருக்கோ அதுதான் கௌண்ட், 840 கெஜத்துல ஏழு லீ, பவுண்டுக்கு 453.6 கிராம், ஏழால வகுத்தா 64.8. இதையும் அதுக்குக் கீழேயே எழுது. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணுனவன் எடை மாத்தி வந்தா முழிப்பான். நீ முழிக்க மாட்ட.

ஒரு நாளைக்கு அஞ்சாறு வார்த்தை போதும். முப்பது எழுதுனா அது நோட்டுல இருக்கும், உன்கிட்ட இருக்காது. நம்பர் இல்லாத வரியை முழுசுன்னு நம்பாத. வளையத்து மேல ஓடுற சின்ன இரும்புக் கொக்கிதான் டிராவலர்னு எழுதுனா பத்தாது. அது என்ன நம்பரு, எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துறாக, தேஞ்சா நூலு என்ன ஆகுதுன்னு நெரப்பு. படம் வரையத் தெரிஞ்சா வரை. கண்ணால பாக்காத பொருளுக்கு நேரா ஒரு புள்ளி வையி; சனிக்கிழமை சாயந்திரம் புள்ளி வச்சதை மட்டும் போய்ப் பாத்துட்டு வா.

ஒண்ணை மட்டும் எழுதாத. எந்தப் பஞ்சை எந்தப் பஞ்சோட எத்தனை பங்கு சேக்காகங்கற மிக்சிங் கணக்கு, பார்ட்டி பேரு, வெலை. அது மில்லோட சொத்து. நோட்டை ஒருத்தர் வாங்கிப் பாத்தா தயங்காம நீட்டுற மாதிரி இருக்கணும். நீயாவே வாரம் ஒரு தடவ சூப்பர்வைசர்கிட்ட காட்டு. தப்பு இருந்தா அடிச்சுத் திருத்துவாரு. அந்த அடிச்ச வரிகளை மட்டும் படிச்சாலே பரீட்சையில பாதி தேறிரும்.

சரி, நேரமாச்சு. வத்திராயிருப்புல நோட்டு வாங்கும்போது கட்டம் போட்டதா வாங்கு, கணக்குப் போட வசதி. மொத லீவுக்கு வரும்போது நோட்டைக் கொண்டாந்து காட்டு. ஒரு லீ 1.50 கிராம் வந்தா கௌண்ட் என்னன்னு கேப்பேன். 43.2-ன்னு சொல்லாம முழிச்சேன்னா உங்க அம்மா தெருவுக்குச் சொன்ன சேதிய நானே திருப்பிச் சொல்லிட்டு வருவேன். வாற வழியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்கிட்டு வந்தேன்னா, கேள்விய ரெண்டாந்தரம் கேக்குறேன்.