பெற்றவளுக்கு ஒரு கவிதாஞ்சலி: படிப்படியாகக் கெடுப்பது எப்படி?

விம்கோ நகர் வீட்டு மொட்டைமாடியில் சாமியானா கட்டியாகிவிட்டது. அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். பிரியாணி அண்டா இறங்குவதற்கு முன் யாராவது கவிதை படிக்க வேண்டுமாம். குடும்பத்தில் தமிழில் நல்ல மார்க் எடுத்தவர் நீங்கள்தான், அதனால் வேலை உங்கள் தலையில். பயப்படாதீர்கள். தமிழில் தாயைக் குறிக்கச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அத்தனையையும் ஒரே கவிதையில் இறக்கிவிட்டால் போதும். கீழே சொல்லும் முறையில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் கற்றுக்கொள்ளுங்கள்.

1. முதலில் 'அம்மா'வைத் தூக்குங்கள்.
தினமும் வாயில் வருகிற சொல் கவிதைக்கு ஆகாது. அதோடு ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் வந்த பிறகு, 'அம்மாவின் இட்லி' என்று நீங்கள் உருகிப் படித்தால், பின்வரிசையில் ஒரு சித்தப்பா "ஒரு ரூபாய்" என்பார். அந்த இடத்தில் 'அன்னை' போடுங்கள். அன்னை என்றதும் தெருப்பெயர்ப் பலகையும் பள்ளிக்கூட வாசலும் நினைவுக்கு வரும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் வரமாட்டார்.

2. வினைமுற்றை ஏணியில் ஏற்றுங்கள்.
இது முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். பெயரை மட்டும் மாற்றினால் பாதிக் கெடுதல்தான் நடக்கும். தமிழில் தாய்க்கு எந்தச் சொல்லைப் போடுகிறோமோ, வினையின் வாலும் அதன் பின்னாலேயே போகும்.

உங்கள் தங்கை சொன்ன ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: "நைட் ஷிப்ட் முடிச்சு அப்பா வர்ற வரைக்கும் எங்கம்மா தூங்காது." வடசென்னையில் பெற்ற தாய்க்கு 'தூங்காது', 'சொல்லுச்சு', 'வந்துச்சு'தான். இலக்கணப் புத்தகம் இதை அஃறிணை என்று தள்ளிவைக்கும். இந்தப் பக்கம் அதற்குப் பேர் செல்லம். முதல் வேலையாக இதைத் திருத்துங்கள்.

'அன்னை தூங்க மாட்டாள்.' பரவாயில்லை, கொஞ்சம் கவிதை ஆகிவிட்டது. எழுத்தில் 'அவள்' மரியாதைக் குறைவு இல்லை. பெரியம்மா மட்டும் "என்னடா, பெத்தவள அவ இவன்ற?" என்பார். அவரைச் சமாதானப்படுத்த அடுத்த படிக்கு ஏறுங்கள்.

'தாயார் உறங்கமாட்டார்.' இப்போது பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்தில் 'தாயார் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். பெருமாள் கோயில் பக்கம் போகிறவர்கள் தாயார் சந்நிதி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். அதுவும் நல்லதுதான்.

'எம்மைப் பெற்ற மாதரசி அவர்கள், எந்தை பணி முடித்து வந்த பின்னரே துயில் கொண்டார்கள்.' அபாரம்! ஏணியின் உச்சி இதுதான். ஆனால் திருவொற்றியூர் நெடுஞ்சாலைச் சுவரில் 'துயில்' என்ற சொல்லை நாம் பார்ப்பதெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில், 'மீளாத்' துயிலாக மட்டும்தான். அழைப்பிதழில் வேறு 'கவிதாஞ்சலி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஊரிலிருந்து தாமதமாக வந்து பந்தலின் ஓரத்தில் நிற்கும் அத்தை, முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தால் நீங்கள் வென்றுவிட்டீர்கள்.

3. நடுவில் 'நீ' போட்டு, உடனே 'தாங்கள்' என்று மாறுங்கள்.
அம்மாவோடு 'நீ' இயல்பாக ஒட்டும், தாயாரோடு ஒட்டாது. அதனால்தான் இரண்டையும் ஒரே வரியில் வையுங்கள்: 'தாயாரே, நீ தந்த சோற்றைத் தாங்கள் உண்டதில்லை.' யார் சமைத்தார்கள், யார் சாப்பிடவில்லை என்று ஊர் கலந்துபேசட்டும்.

4. நிகண்டைத் திறங்கள்.
'ஈன்றாள்' கிடைக்கும். உடனே போடுங்கள். பசு கன்று ஈன்றது என்று பத்திரிகையில் படித்தவர்கள் பந்தலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைவிட நயமானது 'பயந்தாள்'. பயத்தல் என்றால் தருதல், விளைத்தல். அதனால் பயந்தாள் என்றால் பெற்றாள். சுத்தமான பழந்தமிழ். மைக்கைப் பிடித்து 'என்னைப் பயந்தாள்' என்று முழங்குங்கள். அம்மாவே கேட்பார்: "நான் எதுக்குடா உன்னப் பாத்துப் பயப்படணும்?"

'மாதா'வும் இருக்கிறது. ஆனால் இராயபுரத்துச் சொந்தங்கள் சிலுவை போட்டுக்கொள்ள நேரம் விட்டுப் படியுங்கள்.

5. சங்க காலத்துக்குப் போங்கள்.
பழந்தமிழில் தாய்க்கு ஒரு சொல் போதவில்லை, உறவுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். என் தாய் என்றால் யாய், உன் தாய் என்றால் ஞாய். அவன் தாய், அவள் தாய், யாரோ ஒருவர் தாய் என்றால்தான் தாய். குறுந்தொகையின் 40-ஆம் பாட்டில் காதலன் தன் அம்மாவையும் அவள் அம்மாவையும் ஒரே மூச்சில் பிரித்துச் சொல்லிவிடுகிறான். அந்தக் கணக்கைக் கறாராகப் பார்த்தால், 'என் தாய்' என்று சொல்கிறவர் அடுத்த வீட்டுக்காரர் அம்மாவுக்கு உரிமை கொண்டாடுகிறார். (இந்தக் கணக்கை இன்று யாரும் பார்ப்பதில்லை. அதனாலேயே நீங்கள் பார்க்க வேண்டும்.)

'யாயே!' என்று தொடங்குங்கள். வாடகை ஸ்பீக்கரில் அது 'ஆயா' என்றுதான் வந்து சேரும். இந்தப் பக்கம் ஆயா என்றால் பாட்டி. தொண்ணூறைத் தொட்ட உங்கள் பாட்டி "இன்னாப்பா?" என்று நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். அவரைப் பிடித்து உட்கார வைப்பதற்குள், மேம்பாலத்தில் ஒரு மெட்ரோ போய்விடும்.

6. பட்டினத்தார் கோயில் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.
பக்கத்திலேயே இருப்பதால்தான் எச்சரிக்கிறேன். திருவொற்றியூர் கடற்கரையோரம் அவர் சமாதி இருக்கிறது. எல்லாவற்றையும் உதறிய அந்தத் துறவி, அம்மாவுக்குக் கொள்ளி வைக்க மட்டும் திரும்பி வந்தாராம். பச்சை வாழைமட்டையை அடுக்கித் தீ மூட்டினார் என்று கதை. அப்போது பாடியதாகச் சொல்லும் பாடல்களில் தாய் உண்டு, அன்னை உண்டு. ஆனால் வாய்க்கரிசி போடுகிற இடத்தில் மனுஷர் 'ஆத்தாள்' என்கிறார். அவ்வளவு உயரம் படித்தவர், ஏணியிலிருந்து இறங்கி நின்றுகொண்டு பாடுகிறார். சுற்றிலும் இருப்பதெல்லாம் தொட்டில், கட்டில், அரிசி, அடிவயிறு. எதற்கும் அகராதி வேண்டாம்.

அதைப் படித்துத் தொலைத்தால் உங்களுக்கும் தங்கை சொன்ன 'தூங்காது' நினைவுக்கு வரும். அதை அப்படியே மைக்கில் சொல்லிவிடுவீர்கள். ஒரே வரியில் கவிதை முடிந்துவிடும். மீதிப் பதினொரு பக்கத்தை என்ன செய்வது?

7. பிரேம் போடுங்கள்.
படித்து முடித்ததும் கவிதையை அம்மா கையில் கொடுக்க வேண்டுமே. தேரடிப் பக்கம் கடையில் கண்ணாடி பிரேம் சொல்லுங்கள். சந்தன மாலை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கவிதையைப் படித்தால் கடைக்காரர் தானாகவே ஒன்று மாட்டிக் கொடுத்துவிடுவார்.