மூன்று பேருக்கு ஒரு பித்தப்பை

எனக்கு வைத்த பெயர் கந்தசாமி. தாத்தாவின் பெயர். அதில்தான் சிக்கலே. மாமனார் பெயரை அம்மா வாயால் சொல்லக் கூடாது. கந்த சஷ்டியைக்கூட 'முருகன் சஷ்டி' என்று சொன்ன அம்மா, பெற்ற பிள்ளையைக் "கந்தசாமி, இங்க வாடா" என்று கூப்பிடுவாரா? ராசு ஆனேன்.

பள்ளியில் சேர்க்க மாமா அழைத்துப் போனார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். தொட்டுவிட்டேன். ஐந்து வயது முடிந்ததாக ஜூனில் ஒரு தேதியைப் பிறந்தநாளாக எழுதிக்கொண்டார். பெயர் கேட்டதற்கு மாமா "ராசு" என்றார். "ராசுன்னா முழுப்பேர் வேணுமே" என்றவர், அவராகவே 'ப. ராஜமாணிக்கம்' என்று எழுதினார். அதுவே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை வந்தது. ரேஷன் கார்டுக்கு விவரம் சொன்னது தாத்தா. அங்கே நான் கந்தசாமி. அதைக் காட்டி எடுத்ததால் ஆதாரிலும் கந்தசாமி. தெருவில் ஒட்டடைக்குச்சி, அதற்கு மட்டும் எந்த அத்தாட்சியும் யாரும் கேட்டதில்லை.

போன வருடம் பித்தப்பையில் கல். துடித்துக்கொண்டு போன என்னை உட்காரவைத்துவிட்டு, பங்காளி ஓ.பி. சீட்டில் 'ராசு' என்று எழுதிவிட்டான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் ராசுவுக்கு. காப்பீட்டு அட்டையோ ராஜமாணிக்கத்துக்கு. ஆதார் கந்தசாமிக்கு. கவுண்டரில் இருந்த பெண் மூன்றையும் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்: "மூணு பேருக்கும் சேர்த்து ஒரே பித்தப்பையா சார்?"

சிரித்தால் வலித்தது.

மறுநாள் நர்ஸ், "ராஜமாணிக்கம் அட்டெண்டர் யாரு?" என்று நான்கு முறை கத்தியிருக்கிறார். எதிரிலேயே உட்கார்ந்திருந்த என் மனைவி, 'பாவம், அந்த ஆளுக்கு யாருமே இல்லை போல' என்று வருத்தப்பட்டிருக்கிறாள். முப்பது வருடமாக என்னை "இந்தாங்க" என்றே கூப்பிட்டவளைக் குறை சொல்லி என்ன பயன்?

கடைசியில் முத்திரைத்தாளில், மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழி கொடுத்துப் பணம் வாங்கினோம். நிரந்தரமாகத் தீர்க்க அரசிதழில் பெயர் மாற்றம் அறிவிக்க வேண்டுமாம். அந்தப் படிவத்தில் 'பழைய பெயர்' என்ற இடத்தில் எதை எழுதுவது என்று இன்னும் வீட்டில் முடிவாகவில்லை.

இதற்கிடையே பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் கையில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு மருமகளின் பெயர். பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலி. வீட்டில் அம்மு, குட்டிமா, என் மனைவிக்கு மட்டும் 'ஆத்தா'. சம்பந்தி வீட்டார் ஒரு பெயர், ஜோசியர் ஓர் எழுத்து என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்ப்பார்கள். அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பள்ளிக்கு அவளை நானே அழைத்துப் போகிறேன். மாமன் யாரும் வர வேண்டாம்.