பன்னிரண்டாம் தேதி மின்னஞ்சல்

திருப்பூரில் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு மாதத்தில் இரண்டு திருவிழாக்கள் உண்டு. ஒன்று 11ஆம் தேதி, மற்றொன்று 20ஆம் தேதி. முதலாவதில் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போக வேண்டும், இரண்டாவதில் வரியைக் கட்டி 3பி போக வேண்டும். திருவிழா முடிந்த மறுநாள் காலை குப்பை கூட்டுவதுபோல, 12ஆம் தேதி காலை எங்கள் அலுவலகத்தில் மன்னிப்பு மின்னஞ்சல்கள் எழுதப்படும். அவற்றைத் திருத்தி அனுப்புவது என் வேலைகளில் ஒன்று.

சென்ற டிசம்பர் 12 அன்று நம்ம தம்பி ஒருவர் (பெயர் வேண்டாம், அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை) ஒரு பக்க நீளத்துக்கு எழுதிக்கொண்டு வந்து, "சார், அனுப்பிடட்டுங்களா?" என்றார். பெறுபவர் பனியன் துணி விற்கும் ஒரு முதலாளி. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம்தானே என்று மின்னஞ்சல் தொடங்கியது. அவர் குடும்பம் நலம்தான். முந்தைய நாள் இரவு முழுக்க ஒரு மண்டபத்தில் மகள் கல்யாண வரவேற்பில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தது.

அடுத்த பத்தியில் கரண்ட் போனது. அதற்கடுத்ததில் தம்பியின் பாட்டிக்குக் காய்ச்சல். நான்காவதில் ஜிஎஸ்டி தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்தாவதில் "ஆழ்ந்த வருத்தம்" வந்தது. இதைப் படித்தால் முதலாளி முதலில் கேட்கக்கூடிய கேள்வி, "யாருங்க தவறிட்டாங்க?" என்பதுதான்.

"மூணு காரணம் எழுதினா மூணும் பொய்னு ஆயிரும் தம்பி. நிஜமா என்ன ஆச்சு?"

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நவம்பர் மாத பில்கள் 6ஆம் தேதியே எங்களிடம் வந்துவிட்டன. தம்பி வேறொரு பைலில் மூழ்கியிருந்து, 10ஆம் தேதி மாலைதான் டேலியைத் திறந்திருக்கிறார். 11ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு எல்லாம் தயார். தனிநபர் நிறுவனம் என்பதால் டிஜிட்டல் கையொப்பம் இல்லாமல் ஓடிபி வைத்தே தாக்கல் செய்யலாம். அந்த ஓடிபி முதலாளியின் செல்போனுக்குப் போனது. செல்போன் அவர் மனைவியின் கைப்பையில், கைப்பை மணமகள் அறையில், சாவி யாரோ ஒரு சித்தியிடம். ஓடிபி மின்னஞ்சலுக்கும் போகும். ஆனால் பதிவில் உள்ள முகவரி பழைய கணக்குப்பிள்ளை உருவாக்கியது. அவர் வேலையை விட்டுப் போனபோது பாஸ்வேர்டையும் கூடவே கொண்டுபோய்விட்டார்.

தளம் மெதுவாக இருந்ததும் உண்மைதான். 11ஆம் தேதி இரவு அது எப்போதும் அப்படித்தான். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைக் காரணமாகச் சொன்னால், தெரிந்தும் ஏன் அன்றுவரை வைத்திருந்தாய் என்றுதான் கேட்பார்கள். ஓடிபியைச் சொல்லலாம், ஆனால் பழி கல்யாண வீட்டுக்காரர் தலையில் விழும். மகள் வரவேற்பில் செல்போனைப் பார்க்காதது ஒரு குற்றமா? இந்தக் கதையில் எங்கள் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: நாலு நாள் கையில் இருந்த வேலையைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளியது. காரணமாக எழுத வேண்டியதும் அது ஒன்றைத்தான். பாட்டியின் காய்ச்சலுக்கு எந்தத் தீர்வையும் எங்களால் எழுத முடியாது. தள்ளிப்போட்டதற்கு எழுதலாம்.

தம்பியின் மின்னஞ்சலில் உருப்படியான வரி ஒன்றே ஒன்று இருந்தது: தாமதக் கட்டணத்தை அலுவலகமே ஏற்கும். பெரிய மனதுதான். சட்டப்படி அந்தக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய்.

முதலாளியின் தலைவலி 50 ரூபாயில் இல்லை. நவம்பரில் அவர் ஒரு கார்மென்ட்ஸ்காரருக்கு 4 லட்ச ரூபாய்க்குத் துணி விற்றிருக்கிறார். 5 சதவீத வரி 20,000. துணி வாங்கியவர் அந்த 20,000ஐத் தன் வரியில் கழித்துக்கொள்ள வேண்டுமானால், அது அவருடைய 2பி அறிக்கையில் தெரிய வேண்டும். 11ஆம் தேதிக்குள் விற்றவர் ஏற்றியதை வைத்து 14ஆம் தேதி அந்த அறிக்கை உருவாகும். 12ஆம் தேதி ஏற்றிய பில் அடுத்த மாத 2பியில்தான் வரும், அதாவது பொங்கல் வாக்கில். அதுவரை வாங்கியவர் 20,000 ரூபாயைக் கைக்காசாகக் கட்ட வேண்டும். கட்டுவார், ஆனால் சும்மா கட்ட மாட்டார். துணிக்கான பணத்தில் வரித் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, "உங்க பில் 2பியில வரட்டும்ங்க, அப்புறம் போடறேன்" என்பார். ஊரில் இதுதான் வழக்கம். ஆக, தம்பி தாமதித்ததில் மாட்டிக்கொண்டது முதலாளியின் 20,000 ரூபாய். அதைப் பற்றி மின்னஞ்சலில் ஒரு எழுத்து இல்லை. பாட்டியின் காய்ச்சல் 102 டிகிரி என்பது மட்டும் இருந்தது.

உட்கார்ந்து திருப்பி எழுதினோம். நன்றாக வந்ததால் அப்படியே தருகிறேன்.

"ஐயா, உங்கள் நவம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1, 11ஆம் தேதிக்குள் போகவில்லை. இன்று காலை தாக்கல் செய்துவிட்டோம், ஏஆர்என் ரசீதை இணைத்திருக்கிறேன். பில்கள் 6ஆம் தேதியே வந்தும் நான் 10ஆம் தேதிதான் தொடங்கினேன். தாமதத்துக்கு அதுவே காரணம். மன்னிக்கவும்.

இதனால் உங்கள் நவம்பர் பில்கள் வாங்கியவர்களின் இந்த மாத 2பியில் வராது, ஜனவரி 14 அன்று வரும். இதை இனி மாற்ற வழியில்லை. அவர்களுக்கு நீங்கள் அனுப்ப வசதியாக விளக்கக் கடிதம் ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

அடுத்த மாதத்திலிருந்து 8ஆம் தேதிக்குள் பில்களை ஏற்றி, 9ஆம் தேதி தாக்கல் செய்வேன். ஓடிபி எத்தனை மணிக்கு வரும் என்று முந்தைய நாள் மாலை போனில் சொல்வேன். பதிவில் உள்ள பழைய மின்னஞ்சலை மாற்ற இந்த வாரம் உங்கள் கடைக்கு வருகிறேன், பத்து நிமிடம் போதும்."

தம்பிக்கு முழுத் திருப்தி இல்லை. "இனி ஒருபோதும் இப்படி நடக்காதுன்னு கடைசில போட்டுக்கலாங்களா சார்?" என்றார். கூடாது என்றேன். 9ஆம் தேதி தாக்கல் என்று எழுதினால் 10ஆம் தேதி காலை யாரும் சரிபார்க்கலாம். "ஒருபோதும்" என்பதை எந்தத் தேதியில் சரிபார்ப்பது? அந்த வார்த்தையால் ஒரே ஒரு பயன்தான் உண்டு: அடுத்த முறை தவறும்போது முதலாளி அதை மஞ்சள் கோடு போட்டு நமக்கே திருப்பி அனுப்புவார்.

நகல் யாருக்கு என்பதில் இன்னொரு பஞ்சாயத்து. ஆடிட்டர், மற்ற ஜூனியர்கள், முதலாளியின் மருமகன் என்று ஏழு பேரைத் தம்பி சேர்த்திருந்தார். மருமகனுக்குக் கல்யாணமாகி ஒரு பகல்கூட முடியவில்லை. ஆடிட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அழித்தோம்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு மின்னஞ்சலை 10ஆம் தேதி மாலையே எழுதியிருந்தால் மன்னிப்பே தேவைப்பட்டிருக்காது. "நாளை ஒன்பது மணிக்கு ஓடிபி வரும், போனைக் கையில் வையுங்கள்" என்று ஒரு வரி போதும். முதலாளி மேடையில் நின்றபடியே எண்ணைச் சொல்லியிருப்பார். அன்று தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகு அதையும் சொல்ல மனம் வரவில்லை.

அரை மணி நேரத்தில் முதலாளியிடமிருந்து பதில் வந்தது. "சரிங்க தம்பி. கார்மென்ட்ஸ்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். வெள்ளிக்கிழமை கடைக்கு வாங்க, கல்யாணப் பலகாரம் இருக்கு." கார்மென்ட்ஸ்காரர் 20,000ஐ நிறுத்தத்தான் செய்தார், ஜனவரியில் கொடுத்துவிட்டார். அந்த மாத ஜிஎஸ்டிஆர்-1, 9ஆம் தேதி மதியமே போய்விட்டது.