பானை மீது பழி

1835 மார்ச் மாதம். 26 வயது சார்லஸ் டார்வின், சிலியிலிருந்து மெண்டோசாவுக்குப் போக, கோவேறு கழுதைகளோடு ஆண்டிஸ் மலையைக் கடந்துகொண்டிருந்தார். பின்னாளில் மனிதகுலத்தின் வம்சாவளியையே கிளறப்போகிறவருக்கு அன்றிரவு தீராத பிரச்சினை, உருளைக்கிழங்கு.

தங்கிய இடம் ஏறத்தாழ 11,000 அடி உயரம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கிழங்கு மட்டும் கல்லாகவே இருந்தது. இரவு முழுக்கப் பானையை அடுப்பிலேயே விட்டார்கள். காலையில் மறுபடி கொதிக்கவைத்தார்கள். பலனில்லை. கூட வந்த இருவரும் கூடிப் பேசித் தீர்ப்பு சொன்னார்கள்: பானை புதுசு, சனியன் பிடித்தது, கிழங்கு வேகவைக்க அதற்கு இஷ்டமில்லை!

டார்வினுக்குக் காரணம் தெரியும். தண்ணீருக்குள் நீராவிக் குமிழி உருவாக வேண்டுமென்றால், மேலிருந்து அழுத்தும் காற்றுக்கு அது ஈடுகொடுக்க வேண்டும். கடலோரத்தில் அதற்கு 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். உயரம் ஏற ஏற, மேலே இருக்கும் காற்றின் கனம் குறைகிறது. வார்டன் விடுப்பில் போன விடுதி மாதிரி, தண்ணீர் சுமார் 89 டிகிரியிலேயே ஆட்டம் போடத் தொடங்கிவிடுகிறது. கொதிக்க ஆரம்பித்தபின் எவ்வளவு விறகு திணித்தாலும் சூடு ஏறாது. தண்ணீர்தான் ஆவியாகித் தீரும். கிழங்கை வேகவைப்பது குமிழியின் ஆர்ப்பாட்டமல்ல, சூடு. அது குறைந்தால் கிழங்கின் செல்களைப் பிணைத்திருக்கும் பசைப்பொருள் மிக மெதுவாகத்தான் இளகும்.

இதற்கான மருந்தை 150 வருடம் முன்பே ஒருவர் கண்டுபிடித்திருந்தார். டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர், 1679-இல் லண்டனில், மூடியைத் திருகி இறுக்கிய ஒரு பானை செய்தார். ஆவி வெளியேற வழியில்லாததால் உள்ளே அழுத்தம் கூடியது, கொதிநிலையும் ஏறியது. வெடித்துவிடாமலிருக்க, எடை தொங்கவிட்ட நெம்புகோலால் ஒரு வால்வை மூடிவைத்தார். அழுத்தம் மிஞ்சினால் ஆவி எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். நம் குக்கர் 'வெயிட்'டின் கொள்ளுத்தாத்தா அதுதான். 1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் விருந்து நடந்தது. மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டிபோல மெத்தென்று இருந்ததாக, சாப்பிட்டுவிட்டு வந்த ஜான் எவ்லின் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

தன் பயணநூலில் டார்வினும் தன் பானையைப் பாப்பன் பானைக்கு நேர் எதிர் என்கிறார். என்ன பயன்? எலும்பையே கரைக்கும் தத்துவத்தைத் தெரிந்துவைத்திருந்தவர், கடித்தால் பல் போகும் கிழங்கின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

இன்றைய குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல், ஏறத்தாழ கடலோரக் காற்றழுத்தத்தின் அளவுக்கு இன்னொரு அழுத்தத்தைச் சேர்க்கிறது. கடலோரத்தில் உள்ளே சுமார் 120 டிகிரி. டார்வின் தங்கிய உயரத்தில் வெளிக்காற்றே மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், அதே வெயிட் சுமார் 115 டிகிரிதான் தரும். அடுப்பில் கூடுதலாகச் சில நிமிடம் விட்டால் போதும்.

ஆகவே பானை நிரபராதி. உயர்ந்த மலைக்குக் கிழங்கோடு போகிறவர்கள், விறகுக்கட்டில் பாதியை இறக்கிவிட்டு குக்கரை ஏற்றிக்கொள்ளவும்.